பறவை என்று சொல்லியிருக்கலாம்

பல ஆண்டுகள் பேசாமல் இருந்த இரண்டு நண்பர்கள் மறுபடி சந்திக்கிறார்கள். இதைச் சிறுகதையாக எழுத உட்காரும் யாருக்கும் ஒரு இடத்தில் பேனா நின்றுவிடும். சண்டையை எழுதிவிடலாம். பிரிவை எழுதுவது அதைவிடச் சுலபம். இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தவும் ஒரு கல்யாணமோ சாவோ போதும். ஆனால், நிறுத்திய பிறகு அவர்களில் ஒருவன் வாயைத் திறக்க வேண்டுமே! அந்த முதல் வாக்கியம் என்ன?

எழுத்துச் சிக்கல் போலத் தெரிகிற இது, உண்மையில் ஓர் அறக்கேள்வி. நம் வீடுகளில் இதற்கு இரண்டு ஆலோசனைகள் தயாராக இருக்கும். "உட்கார்ந்து பேசித் தீர்த்துக்குங்கப்பா" என்பது ஒன்று. "விடு, பழசையெல்லாம் கிளறாத" என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்வார், அதுவும் ஒரே வாரத்தில். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. பழைய சண்டையைப் பேசித்தான் நட்பு திரும்ப வேண்டுமா, பேசாமலும் திரும்பலாமா?

இந்தக் கேள்வியை எனக்கு ஓரளவு தெளிவாக்கியவை இரண்டு பழைய கதைகள். ஒன்று கோகோல் எழுதியது, 1834இல் வெளியானது. இவான் இவானோவிச்சுக்கும் இவான் நிகிபோரவிச்சுக்கும் சண்டை வந்த கதை. மற்றொன்று பிரேம்சந்தின் 'பஞ்ச் பரமேஷ்வர்', 1916இல் வெளியானது. முதல் கதையில் நண்பர்கள் சேரவில்லை, இரண்டாவதில் சேர்கிறார்கள். ஏன் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கோகோலின் கதை உக்ரைனின் மிர்கோரத் என்ற சிறுநகரத்தில் நடக்கிறது. இவானோவிச் ஒல்லி, உயரம், அழகாகப் பேசுவார். நிகிபோரவிச் குட்டை, பருமன், பேச்சில் சிக்கனம். பக்கத்துப் பக்கத்து வீடு. ஊரே கண்வைக்கும் அளவு நட்பு. ஒருநாள் நிகிபோரவிச்சின் வீட்டு வேலைக்காரி பழைய துணிமணிகளை வெயிலில் காயப்போடுகிறாள். அவற்றோடு ஒரு பழைய துப்பாக்கியும் வெளியே வருகிறது. இவானோவிச்சுக்கு அதன்மேல் ஆசை வந்துவிடுகிறது. போய்க் கேட்கிறார். பதிலுக்கு ஒரு பழுப்பு நிறப் பெண்பன்றியும் இரண்டு மூட்டை ஓட்ஸ் தானியமும் தருவதாகச் சொல்கிறார். துப்பாக்கிக்குப் பன்றியா என்று நிகிபோரவிச்சுக்குக் கோபம். பேச்சு தடிக்கிறது. அந்தத் துப்பாக்கியை ஏதோ பெரிய சொத்துபோல் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள் என்று இவானோவிச் குத்துகிறார். நீங்கள் ஒரு வாத்து என்று நிகிபோரவிச் திருப்பிச் சொல்கிறார்.

அவ்வளவுதான் சண்டை. தமிழில் 'வாத்து மடையன்' என்று திட்டி வளர்ந்த நமக்கு இது வசை என்றே தோன்றாது. இவானோவிச்சுக்கோ அது வாழ்நாள் காயமாகிவிடுகிறது. நிகிபோரவிச் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வாத்துக் கொட்டில் ஒன்று கட்டுகிறார். இவானோவிச் இரவில் போய் அதன் கால்களை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுகிறார். பிறகு இருவரும் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். இவானோவிச்சின் மனுவில் ஒரு வாதம் வருகிறது. தன் பிறப்பும் ஞானஸ்நானமும் தேவாலயப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன, வாத்து மனிதன் அல்ல, அது ஒரு பறவை, ஆகவே அதைப் பதிவேட்டில் எழுத முடியாது. ஆகையால் தான் வாத்து அல்ல! வாசிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் கொஞ்சம் பயமும் வரும். ஒரு மனிதன் தான் வாத்து இல்லை என்று நிரூபிக்க ஆவணம் தேடுகிறான் என்றால், அந்தச் சொல் அவனுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்க வேண்டும்.

நமக்கு வேண்டிய காட்சி இதற்குப் பிறகுதான் வருகிறது. வழக்கு நீதிமன்ற அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது. நகரத் தலைவர் வீட்டில் ஒரு விருந்து. இவானோவிச் அங்கே இருக்கிறார். அவர் வரவில்லை என்று பொய் சொல்லி நிகிபோரவிச்சையும் அழைத்துவந்துவிடுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் மொத்தக் கூடமும் நிசப்தமாகிறது. சாப்பாடு முடிந்ததும் ஊர்க்காரர்கள் இருவரையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுவந்து எதிரெதிரே நிறுத்துகிறார்கள். நிகிபோரவிச்சின் கை பைக்குள் போகிறது. மூக்குப்பொடியை எடுத்து நீட்டப்போகிறார். நம் ஊரில் வெற்றிலைத் தட்டை நகர்த்திவைப்பதுபோல. இன்னும் அரை நிமிடம் போனால் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில், தலை நிமிராமலே இவானோவிச் தன் காயத்தைச் சொல்கிறார். இந்தச் சபையில் சொல்லத் தகாத ஒரு சொல்லால் தன் குலத்தை அவமதித்துவிட்டதாகச் சொல்கிறார். அந்தச் சொல் என்ன என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மூடிவைத்தே பேசுகிறார். நிகிபோரவிச் அன்பாகத்தான் பதில் சொல்கிறார். நண்பனின் சட்டைப் பொத்தானை விரலால் தொட்டுக்கொண்டு சொல்கிறார். போயும் போயும் எதற்குக் கோபித்துக்கொண்டீர்கள், நான் உங்களை வாத்து என்று சொன்னதற்கா என்று.

சபையில், பெண்கள் நிறைந்திருக்கும் கூட்டத்தில், அந்தச் சொல் மறுபடி வெளியே வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது. வாத்து என்பதற்குப் பதிலாகப் பறவை என்று சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம் என்று கதைசொல்லி வருந்துகிறார். இவானோவிச் வெளியேறுகிறார். பல ஆண்டுகள் கழித்து, மழை பெய்யும் ஓர் இலையுதிர்கால நாளில், கதைசொல்லி அந்த ஊர் தேவாலயத்தில் இருவரையும் பார்க்கிறார். இரண்டு பேரும் கிழவர்களாகிவிட்டார்கள். இருவரும் தனித்தனியாக ஒரே செய்தியைச் சொல்கிறார்கள். நாளைக்கு என் வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிடும் என்று.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தியா, பழசைக் கிளறினதாலதான் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டலாம். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் காட்சியை மெதுவாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பழசை முதலில் எடுத்தவர் இவானோவிச். அது எதையும் கெடுக்கவில்லை. காயம்பட்டவர் தன் காயத்தைச் சொன்னார், அவ்வளவுதான். கெடுத்தது பதில். அந்தப் பதிலில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, மற்றவர் மூடிவைத்திருந்ததை இவர் திறந்தது. இரண்டாவது, மற்றவருடைய காயத்துக்கு இவரே விலை போட்டது. 'போயும் போயும் இதற்கா' என்பது ஓர் அளவை. என் வலி எவ்வளவு பெரியது என்று நீ நிறுத்துச் சொல்கிறாய். அதிலும், வலியைத் தந்தவனே தராசைப் பிடித்திருக்கிறாய்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. சண்டை உண்மையிலேயே அற்பமானது. அதனாலேயே அது தீரவில்லை என்று நினைக்கிறேன். பெரிய சண்டைகளுக்கு ஒரு பொருள் இருக்கும். நிலம், பணம், வாக்குமீறல். அதைத் திருப்பிக் கொடுக்கலாம், பங்கு போடலாம், மூன்றாமவரிடம் தீர்ப்புக் கேட்கலாம். சின்னச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல எதுவுமே இல்லை. 'வாத்து' என்ற சொல்லை எந்த நீதிமன்றம் திருப்பி வாங்கிக் கொடுக்கும்? தீர்ப்பு இல்லாத இடத்தில் மனிதர்கள் வாழ்நாள் முழுக்கத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்கள். கதையின் முடிவில் அந்த இரண்டு கிழவர்களும் செய்வது அதைத்தான்.

பிரேம்சந்தின் கதையில் சண்டைக்குப் பொருள் இருக்கிறது. ஜும்மன் ஷேக்கும் அல்கு சவுதரியும் வட இந்தியக் கிராமம் ஒன்றில் கூட்டாக விவசாயம் செய்பவர்கள். ஜும்மனின் தந்தையிடம் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஜும்மன் ஹஜ்ஜுக்குப் போனபோது வீட்டை அல்குவின் பொறுப்பில் விட்டுப் போனார். ஜும்மனுக்கு ஒரு வயதான சின்னம்மா, தாயின் தங்கை முறை. அவளிடம் கொஞ்சம் சொத்து. ஆசை வார்த்தைகள் சொல்லி ஜும்மன் அதைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிவிடுகிறார். பத்திரம் பதிவாகும்வரை நல்ல சாப்பாடு, அதற்குப் பிறகு பேச்சுதான். பொறுக்க முடியாத கிழவி, நான் தனியாகச் சமைத்துக்கொள்கிறேன், பணம் கொடு என்கிறாள். ஜும்மன் மறுக்கிறார். பஞ்சாயத்து கூடுகிறது. யார் தலைமை தாங்க வேண்டும் என்று கேட்டால், கிழவி அல்குவின் பெயரைச் சொல்கிறாள். ஜும்மனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. நம்ம ஆள்தானே!

அல்குவின் தீர்ப்பு ஜும்மனுக்கு எதிராக வருகிறது. சின்னம்மாவுக்கு மாதாமாதம் செலவுக்குக் கொடுக்க வேண்டும், முடியாது என்றால் பத்திரம் ரத்து. நட்பின் வேர் அந்த மரத்தடியிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு இருவரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பிரேம்சந்த் எழுதும் இடம் மிக நுட்பமானது. அவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. முன்பைவிட மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். வந்தால் உபசரிப்பு கூடுகிறது. மரியாதை கூடும்போதுதான் நட்பு போய்விட்டது என்று தெரிகிறது.

பிறகு கதை திரும்புகிறது. அல்கு நல்ல ஜோடி மாடுகள் வாங்கியிருந்தார். பஞ்சாயத்து நடந்து ஒரு மாதத்தில் அதில் ஒன்று செத்துப்போகிறது. ஜும்மன் விஷம் வைத்திருப்பாரோ என்று அல்குவுக்குச் சந்தேகம். மிஞ்சிய ஒற்றை மாட்டைச் சம்ஜு சாகு என்ற வண்டிக்கார வியாபாரிக்கு 150 ரூபாய்க்கு விற்கிறார். ஒரு மாதத் தவணை. சாகு அந்த மாட்டுக்குச் சரியாகத் தீனி போடாமல் ஒரு நாளைக்கு மூன்று நான்கு நடை ஓட்டுகிறார். மாடு வழியிலேயே சுமையோடு விழுந்து சாகிறது. பணம் கேட்டால், செத்த மாட்டுக்குப் பணமா என்று சாகு கத்துகிறார். மறுபடி அதே மரத்தடி, மறுபடி பஞ்சாயத்து. இந்தத் தடவை சாகு தலைமைக்குச் சொல்லும் பெயர் ஜும்மன். அல்குவுக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்த இடத்தில் உட்கார்ந்ததும் ஜும்மனுக்குள் ஏதோ மாறுகிறது. விற்கும்போது மாட்டுக்கு நோய் இல்லை, அது வேலைச்சுமையால்தான் செத்தது, ஆகவே சாகு முழு விலையையும் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார். கூட்டம் கலைகிறது. கொஞ்ச நேரத்தில் ஜும்மன் அல்குவிடம் வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார். பேசத் தொடங்கும்போது அவர் வாயில் வரும் முதல் சொல், சகோதரனை அழைக்கும் 'பையா'. பிறகு, நீ எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து நான் உனக்கு ஜென்ம விரோதியாக இருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அந்த இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு நண்பனும் இல்லை பகைவனும் இல்லை என்று இன்றுதான் புரிந்தது என்கிறார். அல்கு அழுகிறார்.

இப்போது இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பழைய சண்டையைப் பற்றியவைதான். இரண்டும் அன்போடு சொல்லப்பட்டவைதான். நிகிபோரவிச் பேசுவது நண்பனுக்குள் இருப்பதைப் பற்றி. நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள், அது இவ்வளவு சின்ன விஷயத்துக்கு. ஜும்மன் பேசுவது தனக்குள் இருந்ததைப் பற்றி மட்டும். நான் விரோதியாக இருந்தேன், எனக்கு இன்று புரிந்தது. அல்கு என்ன நினைத்தான், மாட்டு விஷயத்தில் தன்னைச் சந்தேகித்தானா என்பதை ஜும்மன் தொடவே இல்லை. அல்குவுடைய மனசு அல்குவின் கையிலேயே இருக்கிறது. அதை எப்போது திறப்பது என்பதும் அவர் கையில்தான்.

ஆகவே, பழசைப் பேசலாமா கூடாதா என்ற கேள்வியே கொஞ்சம் தப்பாகக் கேட்கப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பேசலாம். உன் பக்கத்தைப் பேசு. அவன் பக்கத்தை அவன் திறக்கட்டும். அவன் மூடிவைத்த சொல்லை நீ திறக்காதே, அவன் வலிக்கு நீ எடை போடாதே. 'நான் அன்னிக்கு உன்மேல ரொம்பக் கோவமா இருந்தேன்' என்பது ஒரு வாக்கியம். 'நீ அன்னிக்கு ஓவராத்தான் கோவப்பட்டே' என்பது வேறொரு வாக்கியம். முதலாவது கதவு, இரண்டாவது வழக்கு.

ஜும்மனின் பேச்சு பலித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் பேசுவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிட்டது. தீர்ப்பு வந்துவிட்டது. ஒருவேளை பஞ்சாயத்துக்கு முந்தின இரவில் அதே சொற்களை அல்குவிடம் போய்ச் சொல்லியிருந்தால்? நாளைக்கு ஏதோ வேலைக்காகத்தான் இன்று வந்து குழைகிறான் என்று அல்கு நினைத்திருப்பார். சொல்லுக்குப் பின்னால் நிற்க ஒரு செயல் இருந்ததால்தான் அந்தச் சொல்லை நம்ப முடிந்தது. நிகிபோரவிச்சுக்குப் பின்னால் நின்றது ஊர்க்காரர்களின் கை மட்டும்தான், அதுவும் முதுகைத் தள்ளிய கை.

இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் பிரேம்சந்தை முழுமையாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆனால் அவருடைய கதையில் எனக்கு உறுத்தும் ஓர் இடம் இருக்கிறது. அந்தக் கிழவி எங்கே போனாள்? சண்டை தொடங்கியதே அவளால்தான். சொத்தை இழந்தது அவள். இத்தனைக்கும், நட்பு கெட்டுவிடும் என்று பயந்து நியாயத்தை விழுங்கலாமா என்று அல்குவைக் கேட்டு உலுக்கியவளும் அவள்தான். கதையின் பின்பாதியில் அவள் வருவதே இல்லை. ஜும்மன் அல்குவைக் கட்டிப்பிடிக்கிறார். சின்னம்மாவிடம் போனாரா? மாதப் பணம் ஒழுங்காகக் கொடுத்தாரா? பத்திரம் என்ன ஆனது? கண்ணீர் வழிகிற அந்த முடிவில் யாரும் இதைக் கேட்பதில்லை.

இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி தவறவிடுவது இந்த மூன்றாவது ஆளைத்தான். நண்பர்கள் சண்டையில் உண்மையாக அடிபட்டது ஒரு தங்கையாக இருக்கலாம், ஒரு மனைவியாக இருக்கலாம், பணம் போட்ட ஒரு பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். 'விடுடா, நமக்குள்ள என்ன' என்று இருவரும் தோளில் கைபோட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த 'விடு' இவர்கள் சொல்லக்கூடியதா? எனக்குச் செய்ததை நான் விடலாம். அவளுக்குச் செய்ததை என் சார்பில் விடும் உரிமை எனக்கு எப்படி வரும்? இரண்டு ஆண்கள் கட்டிப்பிடித்து அழும் முடிவை எழுதுகிற எவரும், அந்த மரத்தடியைச் சுற்றி ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே ஒரு கிழவி கைத்தடியோடு நிற்கிறாளா என்று.

கடைசியாக, மெதுவாகப் பேச்சு திரும்புவதைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு கதைகளும் இதை எழுதவில்லை. கோகோல் அரை நிமிடத்தில் உடைத்துவிடுகிறார், பிரேம்சந்த் அரை நிமிடத்தில் ஒட்டிவிடுகிறார். நிஜத்தில் அது இவ்வளவு வேகமாக நடப்பதில்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு கருவி இருக்கிறது. அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று நினைக்கிறேன். நம்முடைய விளி.

பேராக்கில் என் பெரியப்பாவும் அவருடைய கூட்டாளியும் சேர்ந்து ஒரு லோரி வைத்திருந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி. அதை விற்ற கணக்கில் தகராறு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. ஒரே தாமானில் நாலு வீடு தள்ளித்தான் இருந்தார்கள். இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் இறந்துபோன வீட்டில், கூடாரம் போடும்போது நான் கூட இருந்தேன். பெரியப்பா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். எதிர்முனைக்கு ஆள் இல்லை. அந்த மாமா வந்து பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து பெரியப்பா சொன்னார். "கொஞ்சம் தூக்கணும்." யாரிடம் சொன்னார்? யாரிடமும் இல்லை. நீயும் இல்லை, நீங்களும் இல்லை. காற்றிடம் சொல்வதுபோல ஒரு வாக்கியம். மாமா தூக்கினார்.

அன்று அவ்வளவுதான். எட்டாம் நாள் படையலில் மாமா என்னிடம் ஒரு குவளை தே ஓ கொடுத்து, "அவருக்குக் குடு. சீனி கம்மியாத்தான் போட்டிருக்கு" என்றார். பெரியப்பாவுக்கு இனிப்புநீர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே கேட்டிருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தில் பெரியப்பா நேராகவே பேசினார். "நீங்க சாப்டாச்சா?" இத்தனைக்கும் ஒருகாலத்தில் 'டேய்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டவர்கள். மாமாவும் "ஆச்சு, நீங்க?" என்றார். பக்கத்தில் இருந்த பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த 'நீங்க' இரண்டு மூன்று மாதம் ஓடியது. 'நீ' எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் மாமாக் கடையில் இருவரும் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பேசாம பாருடா" என்று பெரியப்பா சொன்னது காதில் விழுந்தது. லோரிக் கணக்கை அதற்குப் பிறகுதான் பேசினார்கள் என்று பெரியம்மா பின்னாளில் சொன்னார். முழுதாகத் தீரவில்லை. ஆனால் பேசினார்கள்.

விளியே இல்லாத வாக்கியம், பிறகு பிள்ளை வழியாக ஒரு குவளை, பிறகு 'நீங்க', பிறகு 'நீ', கடைசியில் 'டா'. இந்தப் படிகளில் ஒன்றையாவது தாண்டிக் குதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூடாரத்தடியிலேயே பெரியப்பா "டேய், தூக்குடா" என்று சொல்லியிருந்தால், அது உரிமை எடுப்பதாக இருந்திருக்கும். நமக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று அவர் பக்கத்திலிருந்து மட்டும் அறிவிப்பதாக இருந்திருக்கும். அதுவும் ஒருவகையில் மற்றவர் காயத்துக்கு எடை போடுவதுதான். அந்தக் காயம் இன்னும் இருக்கலாம் என்பதற்கு இடம் விட்டது 'நீங்க' என்ற மரியாதை. ஜும்மனும் அல்குவும் உபசரித்துக்கொண்டபோது அதே மரியாதை நட்பு விலகிப்போகும் படியாக இருந்தது. இங்கே அது திரும்பி வரும் படி. படி ஒன்றுதான், கால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் வேறு. இதை நாவலிலும் சிறுகதையிலும் விளக்கம் இல்லாமலே காட்ட முடியும். வினைமுற்றின் விகுதி ஒன்றை மாற்றினால் போதும். வாசகர் புரிந்துகொள்வார்.

நண்பர்கள் சந்திக்கும் கதை எழுதும் இளையவர்கள் பலர், முதல் பக்கத்திலேயே "மன்னிச்சிருடா" என்று எழுதிவிடுவதைப் பார்க்கிறேன். மன்னிப்பு என்ற சொல்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால், முதலிலேயே அதைக் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவன் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆமா அல்லது இல்லை. எதிரே இருப்பவன் அதற்குத் தயாரா? தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிப்பதற்கு அவன் எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டியதில்லை. பிடித்தால் போதும். பிடித்துப் பழகிய கைகளுக்கு நடுவில், மன்னிப்பு என்ற சொல் பிறகு தானாக வரலாம். வராமலும் போகலாம். வந்தால் அப்போது அது தன் பக்கத்தை மட்டும் சொல்லட்டும். இருவரும் சேர்ந்து அடுத்தவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால், அந்த வீட்டுக்கும் ஒருநாள் இருவரும் சேர்ந்தே போகட்டும்.

நிகிபோரவிச் மூக்குப்பொடியை எடுக்கப் போன கையை அப்படியே நீட்டியிருக்கலாம். இவானோவிச் தன் காயத்தைச் சொன்னபோது, ஆமாம், சொன்னேன் என்று மட்டும் சொல்லித் தலை குனிந்திருக்கலாம். பறவை என்றுகூடச் சொல்லியிருக்கத் தேவையில்லை.